பெயின்டுக்கு நாற்பத்தெட்டாயிரமா? ஒரு அட்வான்ஸ் கணக்கும் அதற்கு அனுப்பிய பதிலும்

வாடகை வீட்டை விட்டு வெளியேறிய யாரிடமும் கேட்டுப் பாருங்கள். அட்வான்ஸ் முழுசா கிடைச்சுதா என்றால் முதலில் ஒரு சிரிப்பு வரும். அதற்குப் பிறகுதான் கதை வரும். அந்தக் கதைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் முடியும்: "சரி விடு, கிடைச்சது போதும்னு வந்துட்டோம்."

அப்படி விட்டுவிடக்கூடாது என்பதுதான் என் கருத்து. ஆனால் சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் கணக்கு எழுதி அனுப்பினால் அதே கணக்கில், அதே இலக்கத்தில், வரிக்கு வரி பதில் எழுத வேண்டும். போன வருசம் மஹய்யாவையில் என் நண்பர்கள் மூன்று பேர் அதைச் செய்தார்கள். எழுதும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். மூன்று பேரின் சம்மதத்தோடு அதை இங்கே வைக்கிறேன். வீட்டுக்காரர் யார், எந்த ஒழுங்கை என்பதெல்லாம் தேவையில்லை.

மஹய்யாவ என்றால் வெளியாட்களுக்கு நினைவு வருவது மயானமும் நகரசபைத் தொழிலாளர் குடியிருப்பும்தான். அதைத் தாண்டி, கண்டி டவுனுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் அனெக்ஸ் கிடைக்கும் இடமும் அது. தோட்டத்திலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் வருகிற பிள்ளைகள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து எடுப்பார்கள். இவர்களும் அப்படித்தான். இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி. மாத வாடகை 25,000 ரூபா. அட்வான்ஸ் ஆறு மாதம், அதாவது 150,000. 2023 ஜனவரியில் போய் 2025 ஆகஸ்ட் 30 அன்று சாவியைக் கொடுத்தார்கள். முப்பத்திரண்டு மாதம்.

பதினைந்து நாள் கழித்து வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. சி.ஆர். கொப்பித் தாளில் நீலப் பேனையால் எழுதி, மேசையில் வைத்து எடுத்த படம். அதில் இருந்தது இது:

அட்வான்ஸ் 150,000
1. பெயின்ட் (முழு வீடும்) 48,000
2. லைட் பில் 6,100
3. தண்ணி பில் 2,400
4. குசினி டெப், சிங்க் 6,500
5. ரூம் பூட்டு 4,500
6. கிளீனிங் 8,000
7. ஒரு மாச நோட்டீஸ் தரல்ல 25,000
கழிவு 102,500
மிச்சம் 47,500

கீழே ஒரு வரி: "வந்து சைன் வச்சிட்டு எடுத்துட்டுப் போங்க."

ஒன்றரை லட்சம் கொடுத்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. புது இடத்துக்கு அட்வான்ஸ் கட்ட அந்தக் காசைத்தான் நம்பியிருந்தார்கள். ஒருத்தன் உடனே வொய்ஸ் நோட் போடப் போனான். ஃபோனைப் பிடுங்கி வைத்தோம். கோபத்தில் அனுப்பும் வொய்ஸ் நோட்டை வீட்டுக்காரர் தன் சொந்தக்காரர் எல்லாருக்கும் போட்டுக் காட்டுவார். அதற்குப் பிறகு பேச்சு காசைப் பற்றி இருக்காது, மரியாதையைப் பற்றித்தான் இருக்கும்.

இரண்டு இரவு உட்கார்ந்து எழுதிய பதில் இது.

"அங்கிள், வணக்கம். நீங்க அனுப்பின கணக்குப் படம் கிடைச்சுது. ஒவ்வொரு வரியாப் பார்த்துட்டு அதே நம்பர்ல எங்க பதில எழுதுறோம்.

முதல்ல கூட்டல். ஏழு வரியையும் கூட்டினா 100,500 தான் வருது. படத்துல 102,500 னு இருக்கு. அப்ப உங்க கணக்குப்படியே மிச்சம் 49,500.

1. பெயின்ட். நாங்க வர முன்னம் 2022 டிசம்பர்ல பெயின்ட் அடிச்சதா நீங்க மெசேஜ் போட்டிருக்கீங்க. அடிச்சு ரெண்டு வருசம் எட்டு மாசமாகுது. ஹோல் சுவர்ல நாங்க ஆணி அடிச்சதும் ஸ்டிக்கர் ஒட்டினதும் உண்மை, அத ஏத்துக்கிறோம். பின் ரூம் சுவர்ல இருக்கிற ஈரக் கறை பீலி ஒழுகினதால வந்தது. 2023 நவம்பர்லயும் 2024 ஒக்டோபர்லயும் படத்தோட உங்களுக்கு அனுப்பியிருக்கோம். மத்த சுவரெல்லாம் இருந்து பழகின மங்கல்தான். ஹோலுக்கு மட்டும் 4,000 தாறோம். கணக்கு: நாலு இடத்துல ஒண்ணு 12,000. பெயின்ட் நாலு வருசம் நிக்கும்னு வச்சா மிச்சம் பதினாறு மாசம். 12,000ல மூணுல ஒரு பங்கு.

2. லைட் பில். பில்லுல 14,210ல இருந்து 14,388 வரைக்கும் 178 யூனிட். நாங்க சாவி குடுத்த அன்னைக்கு மீட்டர் 14,306. படம் இருக்கு, அன்னைக்கே உங்களுக்கும் அனுப்பினோம். எங்களோடது 96 யூனிட். 6,100ல எங்க பங்கு 3,290.

3. தண்ணி பில் 2,400 சரி.

4. டெப் நாங்க இருக்கும்போது உடைஞ்சது, அதுக்கு 2,500 போட்டிருக்கோம். பில் அனுப்பினீங்கன்னா கூடக் குறைய மாத்திக்கலாம். சிங்க் உடையல்ல. என்ன பழுதுன்னு சொல்லுங்க.

5. சாவி தொலைச்சது நாங்கதான். 4,500 சரி.

6. கிளீனிங். கழுவித் துடைச்சிட்டுத்தான் சாவி குடுத்தோம், வீடியோ இருக்கு. பெயின்ட் பாஸ் வந்துட்டுப் போனதுக்குப் பிறகு கிளீன் பண்ணினது எங்க கணக்குல வராது.

7. நோட்டீஸ். ஆகஸ்ட் 4ஆந் திகதி சொன்னோம். ஒரு மாசத்துக்குக் குறைவுதான், அது சரி. ஆனா செப்டம்பர் 6ஆந் திகதி புது ஆக்கள் வந்துட்டாங்க. வீடு சும்மா கிடந்தது செப்டம்பர்ல அஞ்சு நாள். அதுக்கு 4,170.

எல்லாமாக் கூட்டினா 20,860. எங்களுக்கு வர வேண்டியது 129,140.

இதுல நீங்களே ஏத்துக்கிட்ட 49,500 ஐ இந்தக் கிழமை பேங்க்குல போட்டுவிடுங்க அங்கிள். மிச்சத்தப் பத்தி நேர்ல வந்து பேசுறோம். பில் இருக்கிற வரிகளுக்குப் பில்லையும் அனுப்புங்க. நன்றி."

இதில் ஒரு சட்டப் பிரிவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் மெசேஜில் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். "கேஸ் போடுவேன்" என்று தொடங்கினால் வீட்டுக்காரர் தெரிந்த ஒரு லோயரிடம் போவார், அவர் "ஒண்ணும் எழுதாதீங்க" என்பார், கதை அங்கேயே நின்றுவிடும். ஆனால் மெசேஜின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அதில் மூன்றை விரிவாகச் சொல்கிறேன். மிச்சம் சின்னது.

பெரிய வரி பெயின்ட். எந்த அட்வான்ஸ் கணக்கிலும் அதுதான் பெரிசு. இதில் மறைந்திருக்கும் வேலை என்னவென்றால், பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்வது. இலங்கையின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டப்படி, வாடகைக்கு இருந்தவர் வீட்டை எடுத்தபோது இருந்த நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் சாதாரணமாக இருந்து புழங்குவதால் வரும் தேய்வு அதில் சேராது. வெயில் பட்டு நிறம் மங்குவது, கதிரை உரசுவது, சுவிட்ச் பக்கத்தில் கை பட்டுக் கறுப்பது எல்லாம் தேய்வு. அதற்குத்தானே மாதா மாதம் வாடகை? ஆணி அடித்துச் சாந்து பெயர்ந்தது, ஸ்டிக்கரை இழுத்ததில் பெயின்ட் உரிந்தது இதெல்லாம் சேதம்.

சேதம் என்றாலும் முழு விலை இல்லை. பெயின்டுக்கு ஒரு ஆயுள் இருக்கிறது. நான்கு வருசம் நிற்கும் பெயின்டை மூன்றாவது வருசத்தில் நாம் கெடுத்தால், வீட்டுக்காரர் இழந்தது மிச்சமிருக்கும் காலத்தை மட்டும்தான். நாம் கெடுக்காமல் இருந்திருந்தாலும் இன்னும் பதினாறு மாதத்தில் அவர் எப்படியும் அடித்திருக்க வேண்டும். அந்த நான்கு வருசம் என்பது எந்தச் சட்டத்திலும் எழுதப்பட்டதல்ல, நாங்கள் வைத்த கணக்கு. கண்டி ஈரத்துக்கு மூன்று என்று அவரே சொல்லியிருந்தால் எங்களுக்கு இன்னும் லாபம். ஐந்து என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் கூடும். எண் எதுவானாலும் முறை மாறாது. லண்டனில் இருக்கும் சொந்தக்காரரைக் கேட்டால் தெரியும், இங்கிலாந்தில் 2007 ஏப்ரலிலிருந்து இந்த வைப்புப் பணத்தை அரசு அங்கீகரித்த ஒரு திட்டத்தில் பதிந்து பாதுகாக்க வேண்டும். தகராறு வந்தால் அங்கே நடுவர் பார்ப்பதும் இப்படித்தான்: பொருளின் வயசு என்ன, மிச்ச ஆயுள் என்ன, கழிக்கக் கேட்கிறவரிடம் ஆதாரம் இருக்கிறதா.

அடுத்தது ஈரக் கறை. கண்டியில் இது தனிக் கதை. மழைக்காலத்தில் எல்லா வீட்டிலும் சுவர் வியர்க்கும். வீட்டுக்காரர் "நீங்க யன்னல் திறக்கல்ல, உள்ளுக்கு உடுப்புக் காயப் போட்டீங்க" என்பார். சில நேரம் அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும். எது எது என்று கண்ணால் பார்த்தே ஓரளவு சொல்லலாம். உள்ளே காற்றோட்டம் இல்லாமல் வரும் பூஞ்சணம் கறுப்புப் புள்ளி புள்ளியாக அலுமாரிக்குப் பின்னால், மூலைகளில், யன்னல் விளிம்பில் பிடிக்கும். துடைத்தால் பெரும்பாலும் போகும். வெளியிலிருந்து தண்ணீர் இறங்கினால் ஒரு வரைபடம் மாதிரி விளிம்பு மஞ்சளாகிக் கறை பரவும், பெயின்ட் கொப்பளிக்கும், உள்ளே வெள்ளையாக உப்புப் பூக்கும். கறை தொடங்கும் இடத்துக்கு நேர் வெளியே போய் நிமிர்ந்து பார்த்தால் உடைந்த பீலியோ ஓட்டை விழுந்த குழாயோ இருக்கும். பின் அறைச் சுவரில் இருந்தது இரண்டாவது வகை. மழை பெய்த அடுத்த நாள் பெரிதாகும், வெயிலடித்தால் சுருங்கும். இரண்டு வருசமும் அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். அதற்கு வீட்டுக்காரர் போட்ட பதில் "பாப்போம்". அந்த ஒற்றைச் சொல்தான் இவர்களுக்குப் பெரிய ஆதாரமாக அமைந்தது. அவருக்கு முன்பே தெரியும் என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இன்னொன்று. பக்கத்து நாட்டில் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2017இல் நிறைவேறி 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின் அட்டவணையில், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு யன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. டெப் மாற்றுவது, பூட்டு, கைப்பிடி, சுவிட்ச் எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் மிச்சப் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அந்தச் சட்டம் மஹய்யாவைக்குச் செல்லாது, அது தெரியும். ஆனால் எது யாருடைய செலவு என்று யோசிக்க நல்ல அளவுகோல். எங்கள் மெசேஜில் டெப்பையும் பூட்டையும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே என்ன இருக்கிறது? 1972இன் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் இருக்கிறது. ஆனால் 1980க்குப் பிறகு புதிதாக வாடகைக்கு விடப்பட்ட குடியிருப்பு வீடுகள் பெரும்பாலும் அதற்குள் வராது. நம் வயசுக்காரர்கள் எடுக்கும் அனெக்ஸ் எல்லாம் அப்படித்தான். 2023இல் 1ஆம் இலக்கமாக ஒரு புதுச் சட்டம் வந்தது. அது குத்தகைக் காலம் முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்பதற்கு. வீடு விட்டுப் போனவருக்கு இத்தனை நாளில் அட்வான்சைக் கொடு என்று சொல்ல அல்ல. யாருடைய அவசரம் பாராளுமன்றம் வரை போகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நோட்டீஸ் வரிக்கு வருவோம். இந்த இடத்தில் நண்பர்கள் பக்கம் முழுக்கச் சரியில்லை. அவர்கள் கையெழுத்திட்டிருந்தது இரண்டு பக்கத் தாள். ஒரு வருசக் குத்தகை என்று போட்டு, ஒரு மாத நோட்டீஸ் என்றும் எழுதியிருந்தது. நொத்தாரிசு முன்னால் எழுதியதில்லை. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில் எழுதாவிட்டால் குத்தகையாக அது செல்லாது. அதனால் "அப்ப அந்தத் தாளே செல்லாது, நோட்டீஸும் தேவையில்ல" என்று ஒருத்தி சொன்னாள். அது சரியில்லை. தாள் போனாலும் மாதா மாதம் வாடகை கொடுத்து இருந்ததால் மாத வாடகை உறவு ஒன்று இருக்கிறது. அதை முடிக்க ஒரு முழு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும். ஆகஸ்ட் 4இல் சொல்லி ஆகஸ்ட் 30இல் போனால் அது முழு மாதம் ஆகாது. தாள் செல்லாவிட்டாலும் கொடுத்த அட்வான்ஸ் கொடுத்ததுதான், அது வேறு விசயம்.

ஆனால் நோட்டீஸ் எதற்கு? வீட்டுக்காரர் அடுத்த ஆளைத் தேட அவகாசம் வேண்டும், வீடு சும்மா கிடந்தால் அவருக்கு நட்டம். இங்கே வீடு சும்மா கிடந்தது ஐந்து நாள். அதில்தான் பெயின்டும் அடித்திருக்கிறார். ஆறாந்திகதியிலிருந்து வேறு குடும்பத்திடம் வாடகை வாங்கிக்கொண்டு, அதே நாட்களுக்கு இவர்களிடமும் வாங்கினால் ஒரு வீட்டுக்கு ஒரே மாதத்தில் இரண்டு வாடகை. புது ஆட்கள் எப்போது வந்தார்கள் என்று எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். மஹய்யாவையில் லொறியில் சாமான் இறங்கினால் முழு ஒழுங்கைக்கும் தெரியும்.

லைட் பில் சின்ன வரிதான், ஆனால் அதில் ஒரு நுணுக்கம் உண்டு. நமது வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. முதல் யூனிட்டுகள் மலிவு, கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடும். 96 யூனிட்டுக்குத் தனியாக பில் வந்திருந்தால் 178 யூனிட் பில்லின் பாதியைவிடக் குறைவாகவே வந்திருக்கும், ஏனென்றால் விலை கூடிய படிக்கே போயிருக்காது. அந்த மேல் படிக்கு ஏற்றியது புது ஆட்களின் 82 யூனிட். அப்படிப் பார்த்தால் யூனிட் விகிதத்தில் பிரித்து 3,290 என்று போட்டது உண்மையில் வீட்டுக்காரருக்குச் சாதகமான கணக்கு. தெரிந்துதான் அப்படி விட்டோம். படிக்கட்டணத்தை விளக்கி ஒரு பக்கம் எழுதினால் எழுநூறு ரூபாய்க்காக மற்ற வரிகளையும் படிக்காமல் விட்டுவிடுவார். இந்த வரியைக் காப்பாற்றியது சாவி கொடுத்த நாளில் எடுத்த மீட்டர் படம் ஒன்றுதான். அது இல்லாவிட்டால் 178 யூனிட்டும் இவர்கள் தலையில்தான்.

இனி அந்தப் படத்தைப் பற்றி. வீட்டுக்காரர் தன் கையால் எழுதி அனுப்பிய கணக்கு, அவர் நினைப்பதற்கு மாறாக, நமக்குத்தான் உதவி. வாயால் சொல்லியிருந்தால் நாளைக்கு வேறு காரணம் வரும். இன்றைக்குப் பெயின்ட் என்பார், நாளைக்கு ஓடு உடைந்தது என்பார். எழுதிவிட்டால் காரணங்கள் அந்த ஏழோடு நின்றுவிடுகின்றன. அதைவிட முக்கியமாக, 150,000 அட்வான்ஸ் வாங்கினேன் என்று அவரே மேலே எழுதியிருக்கிறார். ரசீது கொடுக்காமல் அட்வான்ஸ் வாங்கும் ஊரில் அந்த முதல் வரிக்கு இருக்கும் பெறுமதியை நினைத்துப் பாருங்கள். 2006இன் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்துக்குப் பிறகு, மெசேஜ் என்ற காரணத்துக்காக மட்டும் அதை ஒதுக்க முடியாது. அதனால் படம் வந்ததும் செய்ய வேண்டியது அந்த சட்டை முழுக்க வெளியே எடுத்து ஈமெயிலில் போட்டு வைப்பது. அவர் "டிலீட் ஃபோர் எவ்ரிவன்" கொடுப்பதற்குள். படத்தில் ஓரம் வெட்டுப்பட்டோ எழுத்து மங்கியோ இருந்தால், அதைக் காரணமாக வைத்துப் பணிவாக இன்னொரு படம் கேட்கலாம், திகதி போட்டு.

"வந்து சைன் வச்சிட்டு எடுத்துட்டுப் போங்க" என்ற கடைசி வரிதான் அந்தத் தாளிலேயே ஆபத்தானது. அங்கே போனால் காசோடு ஒரு துண்டும் இருக்கும்: அட்வான்ஸ் கணக்கு முடிந்தது, இனிக் கோரிக்கை எதுவும் இல்லை என்று. கையில் காசைப் பார்த்ததும் கையெழுத்து விழும். விழுந்தால் மிச்ச எண்பதாயிரமும் போச்சு. அதனால்தான் மெசேஜில் பேங்க்கில் போடுங்கள் என்று கேட்டது. நேரில் வாங்கியே ஆக வேண்டுமென்றால் "பகுதித் தொகையாக 49,500 பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்து வைக்கலாம். அதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் வாங்காமல் திரும்பி வர மனசு வேண்டும். அது லேசில்லை. அடுத்த வீட்டுக்கு நாளைக்குக் காசு கட்ட வேண்டும் என்ற நிலையில் இருப்பவரிடம் அதைச் சொல்வது எனக்கே கஷ்டமாக இருந்தது. வீட்டுக்காரர்களின் பலமே அதுதான். அவர்களுக்கு அவசரமில்லை.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. பல வீட்டுக்காரர்களிடம் அந்தக் காசு இருப்பதே இல்லை. ஆறு மாத அட்வான்ஸ் வந்த கிழமையே மேல்மாடிக்குச் சீமெந்து வாங்கப் போயிருக்கும், இல்லாவிட்டால் மகளின் கல்யாணத்துக்கு. நாம் போகும்போது புதிதாக வருகிறவரின் அட்வான்சிலிருந்துதான் நமக்குக் கொடுப்பார். ஊதிப் பெருத்த கழிவுப் பட்டியல் பல நேரம் களவு இல்லை, இல்லாத காசை இருக்கிற காசுக்குள் அடக்கும் முயற்சி. இது தெரிந்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும். தொகையை விட்டுக்கொடுப்பதற்குப் பதில் தவணையை விட்டுக்கொடுக்கலாம்.

அவர் மசியாவிட்டால் அடுத்தது மத்தியஸ்த சபை. 1988இன் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தவை. இந்த அளவுத் தொகைக்கு நேரே நீதிமன்றம் போக முடியாது, முதலில் அங்கேதான் போக வேண்டும். மூன்று மத்தியஸ்தர்கள் இருப்பார்கள். ஒருவரை நாம் தெரிவு செய்யலாம், ஒருவரை அவர், மூன்றாமவரை அந்த இருவர். லோயர் வந்து யாருக்காகவும் வாதாட முடியாது. அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, இணக்கம் காணத்தான் பார்ப்பார்கள். சரிவராவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் தருவார்கள். அதை எடுத்துக்கொண்டுதான் வழக்கு. இதன் குறையையும் சொல்ல வேண்டும்: இணக்கம் என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுப்பது. 47,500க்கும் 150,000க்கும் நடுவில் ஒரு எண் என்று போய்விடலாம். அதனால்தான் முதல் மெசேஜிலேயே 150,000 முழுக்க வேண்டும் என்று கேட்காமல், நாம் கொடுக்க வேண்டியதை நாமே கழித்து 129,140 என்று கேட்டது. நேர்மையான எண்ணோடு போகிறவரிடம் பாதியாக்கு என்று கேட்பது கேட்கிறவருக்கே சங்கடம். அவசரப்படவும் தேவையில்லை, ஆனால் வருசக்கணக்கில் விடவும் கூடாது. வாய்மூல உடன்படிக்கைக்கு வழக்குப் போட மூன்று வருசம், எழுத்து மூலமானதற்கு ஆறு.

இவர்கள் விசயத்தில் அந்த அளவுக்குப் போகவில்லை. மெசேஜ் போய் இரண்டு நாள் நீலச் சரி மட்டும் இருந்தது, பதில் இல்லை. மூன்றாம் நாள் அவருடைய மகன் பேசினான், நம் வயசுக்காரன். கூட்டல் பிழையை அவன்தான் தகப்பனுக்குக் காட்டியிருக்கிறான். அன்றைக்கே 49,500 பேங்க்கில் விழுந்தது. அடுத்த ஞாயிறு மூன்று பேரும் போனார்கள். கிளீனிங்கையும் நோட்டீஸையும் அவர் அதிகம் பேசாமலே விட்டுவிட்டார். சிங்க் பற்றிக் கேட்டதற்கு "அது பழசுதான்" என்றார். பெயின்டில் மட்டும் பிடிவாதம். பீலியைப் பற்றி எடுத்தபோது அவருக்குக் கோபம் வந்தது, "நான் வீட்ட ஒழுக விட்டேன்னு சொல்றீங்களா" என்றார். அன்ரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்ததில் பேச்சு கொஞ்சம் ஆறியது.

கடைசியில் பெயின்டுக்கு 15,000 என்று முடிந்தது. மொத்தம் 118,000. மிச்சத்தை ஒக்டோபர், நவம்பர் இரண்டு தவணையில் தந்தார். 15,000 அதிகம் என்று நான் இன்னும் சொல்கிறேன். எங்கள் கணக்குப்படி நான்காயிரம்தான். வொய்ஸ் நோட் போடப் போனவன் மட்டும் அதை ஒத்துக்கொள்வதில்லை, "நீ வந்து அந்த ஹோல் சுவரப் பார்க்கல்லயே" என்கிறான்.